அப்போஸ்தலர் 15ஐ எடுங்கள், 41ஆம் வசனத்தோடு நிறுத்துங்கள்

"ஐயா, அடுத்த மாதம் வலிகாமத்தில் ஒரு சபைக்குப் போகிறேன். முந்தைய குருவானவரை வைத்திருப்பதா மாற்றுவதா என்று ஒன்றரை வருடம் அங்கே இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். அவர் இடமாற்றத்தில் போய்விட்டார், சபைக் குழுவும் புதிதாகத் தெரிவாகிவிட்டது. முதல் ஞாயிறு என்ன பிரசங்கம் செய்வது? சங்கீதம் 133 எடுக்கலாம் என்று நினைக்கிறேன்."

தம்பி, 133 வேண்டாம். "சகோதரர் ஒருமித்து வாசம்பண்ணுகிறது" என்று நீங்கள் வாசித்த உடனே இரண்டு பக்கத்து ஆட்களும் எதிர்ப்பக்கத்து வாங்கைத்தான் பார்ப்பார்கள். அந்த வசனம் மற்றவர்களுக்குச் சொன்னது என்றே ஒவ்வொருவருக்கும் கேட்கும். அதற்கு அடுத்த வசனம் இன்னும் சிக்கல். ஒருமிப்புக்குச் சங்கீதக்காரன் காட்டுகிற படம், ஆரோனின் தலையில் ஊற்றிய எண்ணெய் தாடியில் இறங்கி அங்கி வரைக்கும் வடிவது. ஆரோன் அபிஷேகம் பெற்ற ஆசாரியன். ஒரு குருவானவரை முன்னிட்டு அடிபட்ட சபையில் அந்தப் படத்தை விரித்தால், போனவருக்காக நின்றவர்கள் "எங்கள் ஐயாவின் அபிஷேகத்தை அவமதித்தார்கள்" என்று கேட்பார்கள். மற்றவர்கள் "புது ஐயாவும் அதே பாட்டுத்தான்" என்று கேட்பார்கள். நீங்கள் அன்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பீர்கள், அவர்களோ பழைய வழக்கைத் திரும்பவும் நடத்திக்கொண்டிருப்பார்கள்.

இப்படிப்பட்ட சபைகளில் வேதவசனங்களும் அடிபட்டுப் போயிருக்கும். போனதும் அமைதியாக விசாரித்து வையுங்கள்: இந்த ஒன்றரை வருடத்தில் கூட்டங்களிலும் வாட்ஸ்அப்பிலும் எந்தெந்த வசனங்கள் எறியப்பட்டன? சங்கீதம் 105இல் வருகிற "நான் அபிஷேகம்பண்ணினவர்களை நீங்கள் தொடாமலும்" என்பது நிச்சயம் இருக்கும். எண்ணாகமம் 16இல் மோசேக்கு எதிராக எழும்பிய கோராகு இருப்பான். எதிர்ப்பக்கத்திலிருந்து எசேக்கியேல் 34, தங்களைத் தாங்களே மேய்த்துக்கொண்ட மேய்ப்பர்கள், வந்திருக்கும். அந்தப் பகுதிகளை ஒரு வருடத்துக்குப் பிரசங்கத்தில் தொடாதீர்கள். அவற்றைக் கேட்டால் ஆட்களுக்கு அந்தக் கூட்டம் நடந்த இரவும் அன்று கத்தியவரின் குரலும்தான் ஞாபகம் வரும்.

பிரசங்கத்துக்கு முன்னால் நீங்கள் தீர்மானிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்தப் பிணக்கு எந்த வகை? நீங்கள் எழுதியதைப் பார்த்தால், ஒரு மனிதரைப் பற்றி நல்ல மனச்சாட்சியோடு இரண்டு விதமாய் நினைத்தவர்களின் சண்டை போல இருக்கிறது. நான் கீழே சொல்வதெல்லாம் அதற்குத்தான். காசு காணாமல் போயிருந்தால், அல்லது ஒரு பெண்ணுக்கோ பிள்ளைக்கோ கெடுதி நடந்திருந்தால், இந்தப் பிரசங்கத்தைச் செய்யவே கூடாது. அங்கே "இரண்டு பக்கமும் நொந்தது" என்று பீடத்திலிருந்து சொல்வது, நொந்தவரை இரண்டாம் தரம் அடிப்பது. அப்படி ஒன்று இருப்பதாகச் சந்திப்புகளில் தெரியவந்தால் பிரசங்கத்தை ஒதுக்கிவிட்டு முதலில் பேராயரிடம் போங்கள். முறையான விசாரணை நடக்கட்டும். குற்றம் நடந்திருந்தால் அது பொலிசுக்கும் உரிய விஷயம்.

சந்திப்புகள் என்றேன். முதல் பிரசங்கத்துக்கு முன்னால் இரண்டு மூன்று கிழமை கிடைத்தால் வீடு வீடாகப் போங்கள். கிடைக்காவிட்டால் முதல் ஞாயிறு அந்தந்த நாளுக்குரிய வேதபாடத்தை வைத்துச் சாதாரணமாகப் பேசிவிட்டு, இதை நான்காவது ஞாயிறுக்குத் தள்ளுங்கள். புதிதாக வந்த ஐயா முதல் தேத்தண்ணி யார் வீட்டில் குடித்தார் என்று எங்கள் ஊரில் பின்னேரத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் படுக்கையில் இருக்கிற முதியவர்களிடம் முதலில் போங்கள். அதை யாரும் பக்கம் பார்த்ததாகச் சொல்ல முடியாது. "என்ன நடந்தது?" என்று கேட்காதீர்கள். கேட்டால் வழக்குத்தான் வரும், கூட்டக் குறிப்புப் பிரதிகளும் அலுமாரியிலிருந்து வெளியே வரும். "இந்தக் காலத்தில் உங்களுக்கு எது கூட நொந்தது?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு அம்மா எனக்குச் சொன்ன பதில் இன்னும் காதில் இருக்கிறது: "ஐயா, என்ர மச்சாள் என்னோட கதைக்கிறதை விட்டிட்டா. குருவானவர் ஆர் வந்தாலும் ஆர் போனாலும் எனக்கு அதுதான்."

சரி, இப்போது வேதபாடம். அப்போஸ்தலர் 15:36 முதல் 41 வரை. பவுலும் பர்னபாவும் பிரிந்த கதை.

இந்தப் பகுதியின் இருப்பிடத்தையே முதலில் கவனியுங்கள். அதே அதிகாரத்தின் முன்பாதியில் எருசலேமில் பெரிய ஆலோசனைக் கூட்டம் நடக்கிறது. புறஜாதியார் விருத்தசேதனம் பண்ண வேண்டுமா என்கிற, சபையையே உடைத்திருக்கக்கூடிய கேள்வி அங்கே பேசித் தீர்க்கப்படுகிறது. பவுலும் பர்னபாவும் அங்கே ஒரே பக்கத்தில் நின்றார்கள். அந்தப் பெரிய விஷயத்தில் ஒன்றாக நின்ற இரண்டு பேர், அதற்குப் பிறகு மாற்கு என்கிற ஒரு ஆளைப் பயணத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதா விடுவதா என்பதில் பிரிந்து போகிறார்கள். விசுவாசப் பிரமாணத்தைப் பற்றி எங்கள் சபைகளில் ஒருவரும் அடிபட்டதாக எனக்கு நினைவில்லை. ஆளைப் பற்றித்தான் அடிபடுகிறோம். இதை நீங்கள் சொன்னால் போதும், கேட்கிறவர்களுக்குத் தங்கள் கதை இதற்குள் இருப்பது தானாகப் பிடிபடும்.

பிறகு இருவரின் நியாயத்தையும் சொல்லுங்கள். இரண்டையும் அந்தந்த ஆள் தானே சொல்வது போலச் சொல்ல வேண்டும். பவுலின் பக்கம்: மாற்கு முதல் பயணத்தில் பம்பிலியாவில் திரும்பிப் போய்விட்டான். அதற்குப் பிறகுதான் லீஸ்திராவில் பவுலைக் கல்லெறிந்து, செத்துப்போனான் என்று நினைத்து ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். அந்த வழியில் திரும்பவும் போகப்போகிறவன், பாதியில் விட்டுவிட்டுப் போகக்கூடிய ஆளை நம்பிப் புறப்பட முடியாது. இது கோபக்காரனின் பேச்சல்ல, பொறுப்புள்ளவனின் பேச்சு. பர்னபாவின் பக்கம்: பவுல் இன்னும் சவுலாயிருந்து, எருசலேமில் ஒருவரும் அவனை நம்பாத காலத்தில் அவனைக் கையைப் பிடித்து அப்போஸ்தலரிடம் கூட்டிக்கொண்டு போனவன் பர்னபாதான், 9ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தர்சுவுக்குப் போய்த் தேடிப் பிடித்து அந்தியோகியாவுக்குக் கொண்டுவந்தவனும் அவன்தான். ஒருமுறை விழுந்தவனை இரண்டாம் முறை நம்புவது பர்னபாவின் இயல்பு. அந்த இயல்பு இல்லாவிட்டால் பவுலே இல்லை.

மாற்கு பர்னபாவுக்கு இனத்தான் என்று கொலோசெயருக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. அந்தச் சபைப் பிணக்கில் சொந்தம் பந்தம் என்ற குற்றச்சாட்டு எழுந்திருந்தால், அன்று இதைச் சொல்லாதீர்கள். யாழ்ப்பாணத்தில் அது பெரும்பாலும் எழுந்துதான் இருக்கும். உண்மை என்பதற்காக எல்லா உண்மையையும் ஒரே ஞாயிறில் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்தது, இதை எழுதிய லூக்காவின் மௌனம். "கடுங்கோபம் மூண்டபடியினால்" என்று மறைக்காமல் எழுதுகிறார். ஆனால் யார் சரி என்று எழுதவில்லை. அவர் பவுலின் பயணத் தோழர். பவுல் சரி என்று ஒரு வரி எழுத அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. எழுதவில்லை. உங்கள் பிரசங்கத்தின் முதுகெலும்பு இந்த மௌனம்தான். வேதம் பிணக்கை மூடி மறைக்கவில்லை, தீர்ப்பும் சொல்லவில்லை. நீங்களும் அந்த இரண்டையும் அப்படியே செய்கிறீர்கள்.

இங்கே நிறையப் பிரசங்கிகள் வழுக்கி விழுகிற ஒரு இடம் இருக்கிறது. "ஒரு குழு இரண்டு குழுவானது, ஆகவே ஊழியம் இரட்டிப்பானது, பாருங்கள் கடவுள் பிரிவையும் நன்மையாக்கினார்" என்பார்கள். லூக்கா அப்படிச் சொல்லவில்லை. மாற்குவைக் கூட்டிக்கொண்டு சீப்புருதீவுக்குக் கப்பலேறிய பிறகு பர்னபா அப்போஸ்தலர் நடபடிகளில் திரும்ப வருவதே இல்லை. அந்த இழப்பு இழப்பாகவே கிடக்கிறது. ஒன்றரை வருடம் நித்திரையில்லாமல் இருந்தவர்களிடம் "அதுவும் நல்லதுக்குத்தான்" என்று சொன்னால் அவர்கள் உங்களிடம் இனி எதையும் சொல்ல மாட்டார்கள். போதாததற்கு, பிரிந்து போய் வேறு இடத்தில் ஜெபக்கூட்டம் நடத்துகிறவர்கள் யாரும் இருந்தால் அவர்களுக்கு அது அனுமதிப்பத்திரமாகவும் ஆகிவிடும்.

இனி, இந்தப் பகுதியை வைத்துப் பேசும்போது வருகிற பெரிய ஆபத்து. கேட்கிறவர்கள் உடனே பாத்திரம் பிரிப்பார்கள். போனவருக்காக நின்றவர்கள் தங்களைப் பர்னபா என்பார்கள், மற்றவர்கள் தாங்கள் பவுல் என்பார்கள், பழைய கோடு திரும்ப விழுந்துவிடும். அதைத் தடுக்க ஒரு வழிதான் எனக்குத் தெரியும். பார்வையை மாற்குவின் மேல் திருப்புங்கள்.

இந்தச் சண்டை முழுக்க மாற்குவைப் பற்றியது. ஆனால் மாற்கு ஒரு வார்த்தை பேசவில்லை. அவனிடம் ஒருவரும் கேட்டதாகவும் எழுதப்படவில்லை. இரண்டு பெரியவர்கள் அவனை வைத்துக் கோபத்தில் கத்தியபோது அவன் எங்கே நின்றான்? அடுத்த அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தானா? கப்பலில் ஏறும்போது "என்னால்தான்" என்று நினைத்திருப்பானா? லூக்கா சொல்லவில்லை என்பதைச் சொல்லியே கேளுங்கள். பிறகு கொஞ்சம் நிறுத்துங்கள்.

எனக்கு இது எங்கே பிடிபட்டது என்று சொல்கிறேன். நான் முன்பு பொறுப்பாயிருந்த ஒரு சபையில் இதே மாதிரிப் பிணக்கு. அங்கே ஒரு பெடியன், 17 வயது, ஆராதனையில் ஓர்கன் வாசிக்கிறவன். தகப்பன் ஒரு பக்கம். அவனுக்குச் சின்ன வயதிலிருந்து வாத்தியம் சொல்லிக்கொடுத்த பாடகர் குழுத் தலைவர் மற்றப் பக்கம். ஒரு ஞாயிறு அவன் வாசிக்க வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது ஓர்கனை ஒரு பூப்போட்ட படுக்கை விரிப்பால் மூடி வைத்திருந்தார்கள், அதன் மேல் பழைய ஞானப்பாட்டுப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன. பெடியன் ஒவ்வொரு கிழமையும் வந்து கடைசி வாங்கில் இருந்துவிட்டு, கடைசிப் பாட்டுக்கு முன்னால் எழும்பிப் போய்விடுவான். குழுக் கூட்டக் குறிப்புகளில் பக்கம் பக்கமாக எல்லாம் இருந்தது, அவன் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. நான் அவனிடம் கேட்டபோது சொன்னான்: "வாசிச்சா அப்பாவுக்குக் கோவம், வாசிக்காட்டி சேருக்குக் கவலை. அதான் சும்மா இருக்கிறன்."

உங்கள் சபையிலும் அப்படி ஒருவர் இருப்பார். ஞாயிறு பாடசாலைப் பிள்ளை, ஒரு பக்கத்தில் பிறந்து மற்றப் பக்கத்துக்கு மருமகளாய்ப் போனவர், யாரோ ஒருவர். பீடத்திலிருந்து அவரை அடையாளம் காட்டிவிடாதீர்கள். நான் இப்போது சொன்ன பெடியனின் கதையையும் எடுத்துச் சொல்ல வேண்டாம், இது சின்ன ஊர். மாற்குவை மட்டும் சொல்லுங்கள். தங்கள் வீட்டு மாற்கு யார் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வெட்கப்படவும் இரங்கவும் கூடிய ஒரே இடம் அது. அங்கே மட்டும்தான் அவர்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே ஆளைப் பார்க்கிறார்கள்.

இனிச் சொற்கள். எங்கள் மொழியில் பிணக்கை மழுப்பவென்றே சில சொற்கள் இருக்கின்றன. "சிறு மனக்கசப்புகள்", "சில தவறுகள் நடந்துவிட்டன", "விரும்பத்தகாத சம்பவங்கள்". இவற்றில் ஒன்றும் வேண்டாம். ஒன்றரை வருடத்தைச் சிறு மனக்கசப்பு என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து உங்களை வெறுக்கும். "பிணக்கு", "பிரிவு", "கோபம்" என்று பெயர் சொல்லுங்கள், வேதமே கடுங்கோபம் என்றுதான் சொல்கிறது. அதேபோல "சிலர்" என்ற சொல்லை அன்று முழுக்க விலக்குங்கள். பீடத்திலிருந்து "சிலர்" என்றால், அந்தச் சிலர் யார் என்று எண்ணுவதிலேயே மிச்சப் பிரசங்கம் போய்விடும்.

"நாம்" என்பதிலும் கவனம் வேண்டும். "நாம் சண்டை பிடித்தோம், நாம் மன்னிப்போம்" என்று புதிதாக வந்த நீங்கள் சொன்னால் அது பொய். நீங்கள் சண்டையில் இருக்கவில்லை, உங்களை யாரும் நோகடிக்கவில்லை. அந்த இடத்தில் "நீங்கள்" என்று சொல்லத் துணிவு வேண்டும். நான் அப்போது தொடங்கியது ஏறக்குறைய இப்படி:

"நான் இந்தச் சபைக்குப் புதிது. பிணக்கு நடந்த காலத்தில் நான் இங்கே இருக்கவில்லை. பலர் எனக்குச் சொன்னீர்கள், கேட்டேன். தீர்ப்புச் சொல்ல நான் இங்கே நிற்கவில்லை. தங்களோடு பல வருடம் இருந்த குருவானவரைக் கண்ணீரோடு அனுப்பியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நாங்கள் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லையே என்று ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் மனம் நொந்து வீட்டுக்குப் போனவர்களும் இருக்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் நின்று களைத்துப்போய், வருவதையே விட்டவர்களின் இடங்கள் வெறுமையாக இருக்கின்றன. மூன்றையும் கடவுளுக்கு முன்னால் மறைக்காமல் வைத்துவிட்டு வேதத்தைத் திறக்கிறோம்."

இப்படி எழுதுவதற்கு ஒரு சோதனை உண்டு. ஒரு பக்கத்தைப் பற்றிய ஒவ்வொரு வரியும், அந்தப் பக்கத்து ஆள் "ஓம், எங்களுக்கு அப்படித்தான் இருந்தது" என்று ஒத்துக்கொள்ளக்கூடியதாக இருக்க வேண்டும். "குருவானவர் மேல் குருட்டுப் பற்று வைத்தவர்கள்" என்பது மற்றப் பக்கம் பார்த்து எழுதிய வரி. "நீண்டநாள் மேய்ப்பரைக் கண்ணீரோடு அனுப்பியவர்கள்" என்பது அவர்களே சொல்லக்கூடிய வரி. எழுதிய தாளை வெள்ளிக்கிழமையே இரண்டு பேருக்கு வாசித்துக் காட்டுங்கள், ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் நிதானமான ஒருவர், தனித்தனியாக. அவர்கள் முகம் சுருங்குகிற வரியை அந்த இடத்திலேயே வெட்டுங்கள், ஏன் என்று வாதாட வேண்டாம்.

உவமை ஒன்று வைக்க விரும்பினால் வேலியை வையுங்கள். 1995 ஒக்ரோபர் 30 யாழ்ப்பாண இடப்பெயர்வை எடுத்து, "அன்று நாவற்குழிப் பாலத்தால் ஒன்றாக நடந்த நீங்கள் இன்று ஒரு வாங்கில் இருக்க மாட்டீர்களா" என்று ஒருவர் பிரசங்கித்ததை நான் கேட்டிருக்கிறேன். அந்தப் பாலத்தில் ஆட்கள் தாயைத் தகப்பனைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். அந்த நினைவைச் சபைச் சண்டைக்குச் சாட்டையாக எடுத்தபோது அழுதவர்களை விட எழும்பி வெளியே போனவர்கள் கூட. அதைத் தொடாதீர்கள்.

வேலி எல்லோருக்கும் தெரியும். எல்லை தள்ளிவிட்டார்கள் என்று தலைமுறை தலைமுறையாக வழக்காடிய ஊர் இது. கிடுகு வேலி இருந்த காலத்தில் அந்த வேலியிலேயே ஒரு மூலையில் பொட்டு இருக்கும், இரண்டு கிடுகை விலக்கிய அளவு. எல்லை வழக்கு நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும், ஆம்பிளைகள் முகம் பார்க்க மாட்டார்கள், ஆனால் ஒரு சிரட்டை நெருப்புக்கோ பிள்ளைக் காய்ச்சலுக்கோ பெண்கள் அந்தப் பொட்டால் போய் வருவார்கள். வேலியைப் பிடுங்கச் சொல்லி அன்று யாரையும் கேட்காதீர்கள், அவர்களால் முடியாது. ஒரு பொட்டுத் திறக்க மட்டும் கேளுங்கள்: இந்தக் கிழமை மற்றப் பக்கத்தில் ஒரே ஒருவரிடம் அவருடைய பிள்ளையைப் பற்றியோ தாயின் சுகத்தைப் பற்றியோ கேட்பது. பிணக்கைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இவ்வளவுதான் விண்ணப்பம். ஆராதனையில் எல்லோரையும் எழுப்பிக் கட்டிப்பிடிக்க வைக்காதீர்கள். பார்வைக்கு நன்றாயிருக்கும், அப்படிக் கட்டாயமாய்ப் பிடிபட்ட கையைத் திங்கட்கிழமை வீட்டில் கழுவிக்கொண்டிருப்பார்கள்.

திருவிருந்து விஷயத்தில் நான் ஒருமுறை பிழை விட்டேன். பிணக்கு முடிந்த முதல் மாதத்திலேயே "ஒப்புரவின் விசேஷ திருவிருந்து" என்று அறிவித்தேன். எங்கள் முறைமையில் சமாதானம் கையிலிருந்து கைக்கு, வாங்கிலிருந்து வாங்குக்குப் போகும். அன்று ஒரு பக்கம் முழுக்கப் போய் நடுப்பாதையில் வந்து நின்றுவிட்டது. ஓரத்தில் இருந்த மனிதர் கையைக் கூப்பியபடி அப்படியே நின்றார், எதிர்ப்பக்கத்தில் வாங்கிக்கொள்ள யாரும் திரும்பவில்லை. நான் இறங்கிப் போய் வாங்கி மற்றப் பக்கத்துக்குக் கொடுத்தேன். பிறகு பந்திக்கு வராமல் வாங்கில் இருந்தவர்களை மற்றவர்கள் எண்ணினார்கள், அன்று பின்னேரமே பெயர்ப் பட்டியல் கனடாவுக்குப் போய்விட்டது. வழமையான திருவிருந்து ஞாயிறு வந்தால் வழமையாக நடத்துங்கள். விசேஷம் என்று பெயர் வைத்தால், வராதவர் வராததே ஒரு அறிக்கையாகிவிடும்.

கனடா என்று சொன்னதால்: அந்த ஞாயிறு நேரலை வேண்டாம், ஒலிப்பதிவும் வேண்டாம், முன்கூட்டியே குழுவுக்குச் சொல்லிவிடுங்கள். ஊரில் ஆறத்தொடங்கின பிணக்கை வெளிநாட்டில் இருக்கிற உறவுகள் சூடு குறையாமல் வைத்திருப்பார்கள். அவர்களுக்கு வேண்டியது நீங்கள் யார் பக்கம் என்று காட்டுகிற ஒரு நிமிடத் துண்டு. மொத்தப் பிரசங்கம் 15 நிமிடம் தாண்டக்கூடாது. நொந்த ஆட்கள் நீளமாகக் கேட்க மாட்டார்கள், நீளமாகப் பேசினால் நீங்களும் எங்கேயோ ஒரு "சிலர்" சொல்லிவிடுவீர்கள்.

முடிக்கிற இடம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். கதை உங்களுக்குத் தெரியும். பிற்காலத்தில் பவுல் கொலோசெயருக்கு எழுதும்போது மாற்கு அவரோடு இருக்கிறான், அவன் வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள் என்கிறார். தீமோத்தேயுவுக்கு எழுதுகிற இரண்டாம் நிருபத்தில் "ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" என்கிறார். அன்றைக்கே அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று நாக்கு துடிக்கும். போகாதீர்கள். கப்பலேறிய நாளுக்கும் அந்தக் கடிதங்களுக்கும் நடுவில் கிட்டத்தட்ட பத்து வருடம் கிடக்கிறது. அந்தப் பத்து வருடத்தை நீங்கள் ஐந்து நிமிடத்தில் தாண்டினால், இன்னும் முதல் வருடத்தில் நிற்கிற ஆட்களைக் கரையில் விட்டுவிட்டுப் போகிறீர்கள். 41ஆம் வசனத்தில் நிறுத்துங்கள். "மாற்குவின் பெயர் பின்னால் திரும்பவும் வருகிறது. அதை வேறொரு ஞாயிறு வாசிப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜெபத்துக்குப் போங்கள். நீங்கள் அங்கே தங்கப் போகிறீர்கள், அவசரம் இல்லை என்று அந்த ஒரு வரி அவர்களுக்குச் சொல்லிவிடும்.

பிரசங்கம் எப்படிப் போனது என்று வாசலில் தெரியும். "நல்லாக் குடுத்தியள் ஐயா" என்று ஒருவர் கையை இறுக்கினால், அவர் எந்தப் பக்கம் என்று பாருங்கள். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பாராட்டு வந்தால் எங்கேயோ தராசு சாய்ந்திருக்கிறது, அந்தக் கிழமையே மற்றப் பக்கத்து வீடொன்றுக்குப் போய் எது நொந்தது என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் அதிகம் பேசாமல், மெல்லக் கதைத்துக்கொண்டு, வழமையை விடக் கொஞ்சம் நேரம் வளவில் நின்றால் பரவாயில்லை.

அந்த வேறொரு ஞாயிறு எப்போது என்று கேட்பீர்கள். மாதக் கணக்கில் சொல்ல முடியாது. எங்கள் ஊரில் கோபம் முற்றினால் முதலில் நிற்பது நன்மை தின்மைக்குப் போய் வருவது. ஆறும்போது முதலில் திரும்புவதும் அதுதான், அதிலும் கலியாண வீட்டுக்கு முன்னால் செத்தவீடு. நான் சொன்ன சபையில் அந்தப் பாடகர் குழுத் தலைவரின் தாய் பதினோராம் மாதம் இறந்தார். பெடியனின் தகப்பன் படலையால் உள்ளே வந்து, ஒருவரோடும் கதைக்காமல், மற்ற ஆம்பிளைகளோடு சேர்ந்து பந்தலுக்குத் தடி நட்டார். அவரிடம் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, யாரோ ஒரு தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தார்கள், வாங்கிக் குடித்தார். அதற்கு அடுத்த ஞாயிறு நான் கொலோசெயர் 4:10ஐ வாசித்தேன்.